பிளாச்சிமடையின் செய்தியும் பத்திரிகையின் உரிமையாளரும்

ஊடக உரிமையாளர் செய்தியில் தலையிடுவது பற்றிய பேச்சு எழுந்தால், மறைக்கப்பட்ட செய்திகளைத்தான் நாம் முதலில் நினைக்கிறோம். விளம்பரதாரருக்குப் பிடிக்காத செய்தி வெளிவராமல் போனது, அமைச்சரைக் குறைகூறிய கட்டுரை கடைசி நேரத்தில் எடுக்கப்பட்டது என்று எடுத்துக்காட்டுகள் எல்லாம் மௌனத்தைப் பற்றியவையாகவே இருக்கும். கேரளத்தின் கிழக்கு எல்லையில் இதற்கு நேரெதிரான நிகழ்வு ஒன்று உண்டு. பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழகத்தின் பொள்ளாச்சிப் பகுதியை ஒட்டிய பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில், உரிமையாளரின் அரசியல் ஒரு செய்தியை உயர்த்திப் பிடித்தது. ஆசிரியச் சுதந்திரம் என்பதன் பொருளை ஆராய, மௌனத்தின் கதைகளைவிட இந்தக் கதையே அதிகம் பயன்படும்.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லவேண்டும். சித்தூர் வட்டம் பாலக்காட்டுக் கணவாயின் மழைகுறைந்த கிழக்குப் பகுதி. நெல்லும் தென்னையும் விளைந்தாலும், ஆழியாற்றிலிருந்து வரும் நீரையும் கிணற்றையும் நம்பியே அங்கு வேளாண்மை நடக்கிறது. மக்களில் கணிசமானோர் தமிழ் பேசுபவர்கள். பிளாச்சிமடையில் ஆலையைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் வாழும் எரவாளர், மலசர் ஆகிய பழங்குடியினரின் பேச்சும் தமிழோடு நெருங்கியது. இவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்த நிலம் இல்லை. பிறர் வயலில் கூலி வேலை செய்து வாழ்பவர்கள்.

2000 ஜனவரியில் பெருமாட்டி ஊராட்சி இந்துஸ்தான் கோக்கோ கோலா நிறுவனத்துக்கு உரிமம் வழங்கியது. அதே ஆண்டு மார்ச்சில் உற்பத்தி தொடங்கியது. ஆலை வளாகத்தின் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து நாள்தோறும் இலட்சக்கணக்கான லிட்டர் நீர் எடுக்கப்பட்டது. சில மாதங்களுக்குள் அக்கம்பக்கத்துக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கியது, சுவையும் மாறியது. அந்த நீரில் அரிசி வேகவில்லை என்று பெண்கள் சொன்னார்கள். குளித்தால் உடல் அரிக்கிறது என்றார்கள். குடிநீருக்காக நெடுந்தூரம் நடந்தார்கள். ஆலையிலிருந்து வெளியேறிய கழிவுச் சேறு உரம் என்ற பெயரில் உழவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலுக்கு எதிரே பந்தல் அமைத்து மக்கள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். ஆதிவாசித் தலைவர் சி. கே. ஜானு தொடங்கிவைத்தார். எரவாளர் சமூகத்தைச் சேர்ந்த மயிலம்மா அதன் முகமாக ஆனார்.

தொடக்கத்தில் இந்தப் பந்தலுக்குத் துணை மிகக் குறைவு. முக்கியக் கட்சிகளின் உள்ளூர் அமைப்புகள் ஆலையின் பக்கம் நின்றன. வேலைவாய்ப்பு, ஊராட்சிக்கு வரி வருமானம் என்ற இரண்டு காரணங்களும் வலுவானவை. உரிமம் வழங்கிய ஊராட்சி, ஜனதா தளம் (மதச்சார்பற்றது) கட்சியின் கையில் இருந்தது. இந்த விவரம்தான் பத்திரிகைக் கதையின் நுழைவாயில்.

அப்போது அக்கட்சியின் கேரளத் தலைவராக இருந்தவர் எம். பி. வீரேந்திரகுமார். அவரே ‘மாத்ருபூமி’ நாளிதழின் நிர்வாக இயக்குநராகவும் இருந்தார். 1923இல் கே. பி. கேசவ மேனன் முதலானோர் விடுதலை இயக்கத்தின் குரலாகக் கோழிக்கோட்டில் தொடங்கிய இதழ் அது. பங்கு திரட்டித் தொடங்கப்பட்டதால் அதன் உரிமை பலரிடம் சிதறியிருந்தது. 1980களின் இறுதியில் டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமத்தின் தரப்பு அதன் பங்குகளை வாங்கி உள்ளே நுழைய முயன்றபோது, வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. கேரளத்தின் வாசகர்களும் எழுத்தாளர்களும் அதைத் தங்கள் பத்திரிகையைக் காக்கும் பிரச்சினையாகப் பார்த்தார்கள். அந்த முயற்சி கைகூடவில்லை. 1979 முதல் வீரேந்திரகுமார் தலைமையில் இருந்த நிர்வாகம் நிலைபெற்றது. இதன் விளைவு இரண்டு. பத்திரிகை வெளிமாநிலப் பெருங்குழுமத்திடம் போகவில்லை. அதே சமயம், ஒரு கட்சித் தலைவரின் கையில் உறுதியாக நின்றது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க இயலாது.

இப்போது காலவரிசையைக் கவனிக்கலாம். 2000இல் உரிமம் வழங்கப்பட்டபோது கேரளத்தில் இடது சனநாயக முன்னணியின் ஆட்சி. ஜனதா தளம் அந்த முன்னணியில் இருந்தது. 2001 மே மாதம் ஆட்சி மாறி, ஏ. கே. அந்தோணி தலைமையில் ஐக்கிய சனநாயக முன்னணி வந்தது. போராட்டம் தொடங்கிய 2002இல் ஜனதா தளம் மாநில அளவில் எதிர்க்கட்சி. ஆலையைக் காக்கும் பொறுப்பு இப்போது மற்றவர்களுடைய அரசின் தோளில் இருந்தது. உலகமயமாக்கலை எதிர்ப்பது வீரேந்திரகுமாரின் நெடுநாள் நிலைப்பாடு. காட் ஒப்பந்தத்தைக் குறைகூறி அவர் நூலே எழுதியிருந்தார். ஆனால் அந்த நிலைப்பாடும், அவர் கட்சி ஆண்ட ஊராட்சி வழங்கிய உரிமமும் மூன்றாண்டுகள் ஒன்றாகவே இருந்து வந்தன. 2003 ஏப்ரல் 7 அன்று பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிப்பதில்லை என்று முடிவெடுத்தது. அப்போது ஊராட்சித் தலைவராக இருந்தவர் ஏ. கிருஷ்ணன். ஊராட்சி, கட்சித் தலைமை, நாளிதழ் ஆகிய மூன்றும் ஒரே திசையில் நின்ற காலம் அங்கிருந்து தொடங்குகிறது.

அந்தக் காலத்தில் மாத்ருபூமி பிளாச்சிமடைக்கு அளித்த இடம் மிகப் பெரியது. போராட்ட வரலாற்றை எழுதியவர்கள் இதைத் தொடர்ந்து குறிப்பிடுகிறார்கள். 2004 ஜனவரியில் பாலக்காட்டை அடுத்த புதுச்சேரியில் (இது கேரளத்துப் புதுச்சேரி) உலக நீர் மாநாடு நடந்தது. வந்தனா சிவா, கனடாவின் மாட் பார்லோ, பிரான்சின் உழவர் தலைவர் ஜோசே போவே முதலியோர் வந்தார்கள். மாநாட்டில் முன்னின்றவர்களில் வீரேந்திரகுமார் முதன்மையானவர். ‘பிளாச்சிமடைப் பிரகடனம்’ அங்குதான் வெளியிடப்பட்டது. நாளிதழின் தலைவரே செய்தியின் நாயகர்களில் ஒருவராகவும் ஆனார்.

இதை எப்படி மதிப்பிடுவது? எளிய விடைகள் இரண்டு உண்டு. உரிமையாளர் நல்லவர், ஆகவே பத்திரிகை நல்லதைச் செய்தது என்பது ஒன்று. எல்லாம் அரசியல் இலாபத்துக்காக என்பது மற்றொன்று. இரண்டும் மனிதரின் மனத்தை அளக்க முயல்கின்றன. ஊடகத்தின் அரசியல் பொருளாதாரத்தை ஆராய்வோர் மனத்தை விட்டுவிட்டு அமைப்பைப் பார்க்கிறார்கள். 1988இல் எட்வர்ட் ஹெர்மனும் நோம் சோம்ஸ்கியும் அமெரிக்க ஊடகங்களை முன்வைத்து ஐந்து வடிகட்டிகளைப் பற்றிப் பேசினார்கள். உரிமை, விளம்பரம், செய்தி பெறும் இடம், எதிர்வினைக்கு அஞ்சுதல், ஆட்சி செலுத்தும் கருத்தியல் ஆகியவை அவை. எந்தச் செய்தியும் இவ்வைந்தையும் தாண்டித்தான் அச்சேறுகிறது என்பது அவர்கள் வாதம்.

பிளாச்சிமடையில் இந்த வடிகட்டிகள் எப்படி வேலை செய்தன என்று பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. விளம்பரம் என்னும் வடிகட்டி செய்திக்கு எதிராக நின்றது. குளிர்பான நிறுவனங்கள் அந்நாளில் இந்தியாவின் பெரிய விளம்பரதாரர்களில் அடங்கும். செய்தி பெறும் இடமும் எதிராகவே இருந்தது. நிறுவனத்துக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் அறிக்கை எழுதித் தர ஆட்கள் உண்டு. பந்தலில் இருந்த எரவாளர் பெண்களுக்கு அப்படி யாரும் இல்லை. மலையாளப் பத்திரிகையாளரிடம் அவர்கள் பேசிய மொழியே வேறு. உரிமை என்னும் ஒரே வடிகட்டிதான் அவர்கள் பக்கம் திறந்தது. அது திறந்ததும் மற்றவற்றின் தடை உடைந்தது. ஆக, உரிமையாளரின் செல்வாக்கு எப்போதும் செய்தியை அடைக்கும் என்று கொள்வது பிழை. அது வாய்க்கால் மதகைப் போன்றது. திறப்பதும் மூடுவதும் ஒரே கைதான்.

சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. ஆசிரியர் குழு தன் தீர்ப்பால் ஒரு செய்தியை எடுத்ததா, உரிமையாளரின் நலன் மாறியதால் எடுத்ததா என்பதை, செய்தி மக்களுக்குச் சாதகமாக இருக்கும்போது வாசகரால் பிரித்தறிய முடியாது. முடிவு ஒன்றாகவே தோன்றும். பிரித்தறியச் சில வழிகள் உள்ளன. முதலாவது, நாள்களை ஒப்பிடுவது. கிணற்று நீர் கெட்ட நாள், போராட்டம் தொடங்கிய நாள், உரிமையாளரின் கட்சி நிலைப்பாட்டை மாற்றிய நாள் என மூன்று நாள்களைக் குறித்துக்கொண்டு, செய்தியின் அளவும் இடமும் எந்த நாளை ஒட்டி உயர்கின்றன என்று பழைய இதழ்களில் பார்க்கவேண்டும். இரண்டாவது, அதே தரப்பின் தவறு எவ்வளவு எழுதப்பட்டது என்பது. இங்கே அந்தத் தவறு தெளிவானது: 2000இல் உரிமம் வழங்கியது யார், எதைக் கேட்டு வழங்கினார்கள், எதைக் கேட்காமல் விட்டார்கள்? மூன்றாவது, உரிமையாளருக்கு அரசியல் பயன் தீர்ந்த பின்னரும் செய்தி தொடர்ந்ததா என்பது. பிளாச்சிமடைக்கு மட்டுமன்றி, எந்த ஊரின் எந்தப் போராட்டத்துக்கும் இம்மூன்றையும் பொருத்திப் பார்க்கலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஊடகமும் அதே காலத்தில் பிளாச்சிமடைக்கு வந்தது. 2003 ஜூலையில் பிபிசி வானொலி நான்கின் ‘ஃபேஸ் தி ஃபேக்ட்ஸ்’ என்னும் நிகழ்ச்சி, ஆலையின் கழிவுச் சேற்றை எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கு உட்படுத்தி, அதில் காட்மியமும் காரீயமும் இருப்பதாக ஒலிபரப்பியது. அதன் பின்னரே கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சேற்றைச் சோதித்து, அதை வெளியே கொடுப்பதை நிறுத்தும்படி ஆணையிட்டது. சேறு வயல்களில் கொட்டப்பட்டு மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. பிபிசி பிரிட்டன் மக்கள் செலுத்தும் உரிமக் கட்டணத்தில் இயங்குவது. அதன் உள்நாட்டு வானொலியில் விளம்பரம் இல்லை. பெருமாட்டியின் ஊராட்சித் தேர்தலிலோ கேரளத்தின் முன்னணி அரசியலிலோ அதற்கு எந்தப் பங்கும் இல்லை. அதன் பங்களிப்பின் தன்மையும் அதற்கேற்ப வேறுபட்டது. மாத்ருபூமி போராட்டத்துக்கு ஆதரவைத் தந்தது. பிபிசி சோதனை முடிவைத் தந்தது. போராட்டத்துக்கு இரண்டும் தேவைப்பட்டன. ஆயினும் ஆதரவை உரிமையாளர் திரும்பப் பெறலாம். வெளியாகிவிட்ட சோதனை முடிவை யாரும் திரும்பப் பெற இயலாது.

2003 டிசம்பர் 16 அன்று கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர், நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து, அரசு அதன் காவலர் மட்டுமே என்று தீர்ப்பளித்தார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பை மாற்றி, நாளொன்றுக்கு 5 இலட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்றது. எனினும் ஆலை மீண்டும் முழுமையாக இயங்கவில்லை.

இதே எல்லையின் தெற்கே, இடுக்கி மாவட்டத்து மூணாற்றில், இந்தக் கேள்வியின் மறுபக்கம் 2015இல் வெளிப்பட்டது. கண்ணன் தேவன் தேயிலைத் தோட்டங்களின் பெண் தொழிலாளர்கள், முந்தைய ஆண்டைவிடக் குறைத்து 10 விழுக்காடாக அறிவிக்கப்பட்ட போனசை எதிர்த்துச் செப்டம்பரில் வேலையை நிறுத்திச் சாலைக்கு வந்தார்கள். பெரும்பாலோர் தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட குடும்பங்களின் தமிழ் பேசும் பெண்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் அறியப்பட்ட இந்தக் கூட்டம் நிர்வாகத்தை மட்டும் எதிர்க்கவில்லை. சிஐடியு, ஏஐடியுசி, ஐஎன்டியுசி ஆகிய மூன்று தொழிற்சங்கங்களையும் சேர்த்தே புறக்கணித்தது. சங்கத் தலைவர்களைத் தங்கள் அருகில் உட்கார விடவில்லை.

இங்கே உரிமை வரைபடத்தை விரித்துப் பார்க்கவேண்டும். சிஐடியுவோடு இணைந்த மார்க்சிஸ்ட் கட்சிக்குத் ‘தேசாபிமானி’ இருக்கிறது. ஏஐடியுசியோடு இணைந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு ‘ஜனயுகம்’ இருக்கிறது. ஐஎன்டியுசியோடு இணைந்த காங்கிரசுக்கு ‘வீக்ஷணம்’ இருக்கிறது. தொழிலாளர் செய்தியைத் தம் கடமையாகக் கருதும் பத்திரிகைகள் கேரளத்தில் இவ்வளவு இருந்தும், இந்தப் பெண்களின் குற்றச்சாட்டு ஒவ்வொன்றின் உரிமையாளரையும் நோக்கியே எழுந்தது. அமைதியான நாள்களில் தோட்டத்துச் செய்தி வெளியே வர இரண்டு வழிகள்தாம் இருந்தன: ஒன்று நிர்வாகம், மற்றொன்று சங்கம். பெண்கள் இரண்டையும் விட்டுவிட்டு, சுற்றுலாப் பயணிகள் நிறைந்த நகரின் சாலையில் அமர்ந்தபோதுதான் தனியார் தொலைக்காட்சிகளின் படப்பிடிப்புக் கருவிகள் அவர்களை நேராகப் பார்த்தன. ஒன்பது நாள்களில் போனசும் கருணைத் தொகையும் சேர்த்து 20 விழுக்காடு கிடைத்தது. சாலையை மறித்ததால் கிடைத்த கவனம் அது. சாலை திறந்ததும் கருவிகள் மலையிறங்கலாம். பழைய இரண்டு வழிகளே மீண்டும் எஞ்சும்.

எல்லையின் தமிழர்களுக்குத் தமிழ் நாளிதழ்கள் துணையாகாவா என்ற கேள்வி இயல்பானது. கோவை, மதுரைப் பதிப்புகள் எல்லை ஊர்களை எட்டுவது உண்மை. ஆனால் அவற்றின் விளம்பரமும் வாசகரும் தமிழகத்தில் இருக்கின்றன. பெருமாட்டி ஊராட்சியின் உரிமமும் மூணாற்றின் கூலியும் முடிவாவது திருவனந்தபுரத்தில். அங்குள்ள அமைச்சர்கள் காலையில் படிப்பது மலையாள நாளிதழ்களை. எல்லைத் தமிழர் ஒரு மாநிலத்தின் பத்திரிகைச் சந்தைக்கு மொழியால் வெளியே நிற்கிறார்கள். இன்னொரு மாநிலத்தின் சந்தைக்கு வாக்குரிமையால் வெளியே நிற்கிறார்கள். அதனால்தான் அவர்களுடைய செய்தி எப்போதும் யாரோ ஒருவருடைய நலனோடு ஒட்டிக்கொண்டே பயணம் செய்யவேண்டியிருக்கிறது.

இதற்கு இந்தியாவில் யாரும் மருந்து தேடவில்லை என்று சொல்ல முடியாது. நீதிபதி கே. கே. மாத்யூ தலைமையிலான இரண்டாவது பத்திரிகை ஆணையம் 1982இல், நாளிதழ்களை உரிமையாளரின் பிற தொழில்களிலிருந்து பிரிக்கவும், உரிமையாளருக்கும் ஆசிரியருக்கும் நடுவே அறங்காவலர் குழு அமைக்கவும் பரிந்துரைத்தது. 2014 ஆகஸ்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், அரசியல் கட்சிகளை ஒளிபரப்புத் துறைக்குள் விடக்கூடாது என்று பரிந்துரைத்தது. இரண்டும் ஏட்டிலேயே நின்றன. இவற்றில் இரண்டாவது வகை மருந்து அச்சு ஊடகத்திலும் 2003க்கு முன் நடைமுறையில் இருந்திருந்தால், பிளாச்சிமடைக்கு ஒரு பெரிய நாளிதழின் ஆதரவு இல்லாமல் போயிருக்கலாம். கட்சிக்காரரை உரிமையிலிருந்து விலக்குவது மட்டும் ஆசிரியருக்குச் சுதந்திரம் தந்துவிடாது. அந்த இடத்துக்கு விளம்பரதாரரோ பெருங்குழுமமோ வரக்கூடும். அறங்காவலர் குழு என்ற முதல் மருந்து வேறு வகையானது. உரிமையாளர் யாராக இருந்தாலும், மதகைத் திறக்கும் கையை ஆசிரியரிடம் ஒப்படைக்க முயல்வது அது.

பிளாச்சிமடையின் கணக்கு இன்னும் முடியவில்லை. 2010இல் மாநில அரசின் உயர்நிலைக் குழு, மக்களுக்கும் நிலத்துக்கும் நேர்ந்த இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அதைப் பெற்றுத்தரத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதா 2011இல் கேரளச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலின்றித் திரும்பியது. 2017இல், அங்கு மீண்டும் உற்பத்தி தொடங்கும் எண்ணமில்லை என்று நிறுவனம் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. இதற்கிடையில் 2009இல் வீரேந்திரகுமாரின் தரப்பு இடது முன்னணியை விட்டு எதிர் முன்னணிக்குச் சென்றது. மயிலம்மா 2007 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார்.

உலகத் தலைவர்கள் வந்து போன 2004ஆம் ஆண்டின் செய்தியையும், இழப்பீட்டு மசோதா கோப்புகளுக்குள் பயணம் செய்த பின்னாண்டுகளின் செய்தியையும், கேரளத்தின் எல்லா நாளிதழ்களிலும் பக்கம் பக்கமாக எடுத்து அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். ஆலையை மூடுவதில் பல கட்சிகளுக்கும் தலைவர்களுக்கும் பெயர் கிடைத்தது. இழப்பீடு கிடைப்பதால் பயனடைவோர் கிணறு கெட்ட குடும்பங்கள் மட்டுமே. அந்த இரண்டாவது செய்திக்கு எந்த இதழ் எவ்வளவு இடம் தந்தது என்பதுதான் அதன் ஆசிரியருக்கு இருந்த சுதந்திரத்தின் அளவு.